முதல் மூன்று நொடியும் ஒரு மெழுகுவர்த்தியும்

எரியும் மெழுகுவர்த்தியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, அதன் மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால், சற்று நேரத்தில் தீ அணையும். தட்டிலுள்ள தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். காரணம் என்ன என்று பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் உடனே பதில் வரும். உள்ளே இருந்த ஆக்ஸிஜன் எரிந்து தீர்ந்துவிட்டது, அது இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது என்பார்கள். சிலர் ஒரு படி மேலே போய், காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன், அதனால்தான் தண்ணீரும் ஏறத்தாழ அந்த அளவுக்கு ஏறுகிறது என்று கணக்கும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும் இந்த விளக்கம் தவறு.

பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர் 45 நொடி ரீல் எடுக்க வேண்டுமென்றால், நான் முதலில் கைகாட்டுவது இந்தச் சோதனையைத்தான். செலவு மிகக் குறைவு, கண்ணால் பார்க்க அழகு, அதற்கும் மேலாக, பார்ப்பவர் ஒவ்வொருவரும் ஏற்கெனவே ஒரு பதிலை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். அந்தப் பதிலைத் தொடுகிற மாதிரி முதல் வாக்கியம் அமைந்துவிட்டால் ரீலின் பாதி வேலை முடிந்தது. ரீல் எடுப்பவர்கள் அந்த முதல் வாக்கியத்தை ஹூக் என்கிறார்கள். முதல் மூன்று நொடிக்குள் அது பார்ப்பவரை நிறுத்தாவிட்டால், அவர் விரல் அடுத்த ரீலுக்குத் தள்ளிவிடும்.

ஹூக் எழுதுவதற்கு முன் அறிவியலைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். டம்ளரைத் தீயின் மேல் கொண்டுவரும்போதே அதற்குள் இருக்கும் காற்று சூடாகி விரிகிறது. விரிந்ததில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. டம்ளரைச் சட்டென்று கவிழ்த்தால் அது தண்ணீருக்குள் குமிழியாக வெளியே வருவதைப் பார்க்கலாம். பிறகு தீ மங்கி அணைகிறது. உள்ளே மிஞ்சிய காற்று ஆறத் தொடங்குகிறது. ஆற ஆற அதன் அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் காற்றின் அழுத்தமோ அப்படியே இருக்கிறது. அது தட்டிலுள்ள தண்ணீரை அழுத்த, தண்ணீர் டம்ளருக்குள் ஏறுகிறது. உள்ளே இருக்கும் காற்று 80 டிகிரி செல்சியஸிலிருந்து 30 டிகிரிக்கு ஆறினால், அதன் கன அளவு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறையும் என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளையே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு.

ஆக்ஸிஜனுக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. ஆனால் சிறியது. காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன் இருக்கிறது. அது ஏறத்தாழ 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். அதாவது ஆக்ஸிஜனில் பெரும்பகுதி அணைந்த பிறகும் உள்ளேயே இருக்கிறது. செலவான ஐந்து பங்குக்கும் ஈடாகக் கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது: மெழுகு எரியும்போது மூன்று பங்கு ஆக்ஸிஜனுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடு. கூடவே உண்டாகும் நீராவி குளிர்ந்து டம்ளரின் உட்சுவரில் பனித்துவிடும். கூட்டிக் கழித்தால், ஆக்ஸிஜன் செலவானதால் காற்றில் நேரும் குறைவு நூற்றுக்கு இரண்டைத் தொடாது. மீதி எல்லாம் வெப்பத்தின் வேலை.

இவ்வளவையும் 45 நொடிக்குள் சொல்ல முயன்றால் ரீல் செத்துவிடும். இதில் எந்த ஒன்று பார்ப்பவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஆசிரியர் முடிவெடுக்க வேண்டும். என் தேர்வு நேரம்தான். ஆக்ஸிஜன் செலவாவதுதான் முழுக் காரணம் என்றால், மெழுகுவர்த்தி எரிய எரியத் தண்ணீர் சீராக ஏறியிருக்க வேண்டும். அணைந்ததும் நின்றிருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. எரியும்போது தண்ணீர் ஏறத்தாழ அசையாமல் நிற்கிறது. தீ மங்கும்போது மெல்லத் தொடங்கி, அணைந்த பிறகுதான் வேகமாக ஏறுகிறது. சமன்பாடு எதுவும் தேவையில்லை. கண் இருந்தால் போதும்.

இப்போது ஹூக்குக்கு வருவோம். பெரும்பாலான ஆசிரியர்கள் வகுப்பில் தொடங்குவது போலவே ரீலையும் தொடங்குகிறார்கள்: "வணக்கம் மாணவர்களே, இன்றைய காணொளியில் நாம் காற்றின் அழுத்தம் குறித்த ஓர் எளிய சோதனையைக் காணப் போகிறோம்." இதைச் சொல்லி முடிக்கவே ஐந்தாறு நொடி ஆகும். அதுவரை பார்ப்பவருக்கு நினைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. தமிழில் வினை கடைசியில் வருவதால், நீளமான வாக்கியத்தில் கேள்வி என்ன என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியவரும். அதனால் தமிழ் ஹூக் குட்டையாக இருப்பது ஆங்கில ஹூக்கைவிடவும் முக்கியம். ஐந்தாறு சொல், முடிந்தால் இரண்டு துண்டாக.

அடுத்து வருவது பரபரப்பு ஹூக்: "உங்க டீச்சர் உங்களுக்குப் பொய் சொல்லிட்டாங்க!" இது நிறுத்தும், சந்தேகமில்லை. ஆனால் பார்ப்பவரின் கவனத்தை மெழுகுவர்த்தியிலிருந்து டீச்சர் மேல் திருப்பிவிடும். கருத்துப் பெட்டியில் பள்ளிக்கூடத்தைத் திட்டும் கூட்டம்தான் சேரும். சக ஆசிரியரைத் தாழ்த்தி அறிவியல் சொல்வது எனக்கு உடன்பாடும் இல்லை.

"தண்ணிய மேல இழுக்கிறது யாரு?" என்பது மூன்றாவது வகை. சின்னதாக இருக்கிறது, கேள்வியாகவும் இருக்கிறது. ஆனால் 'இழுக்கிறது' என்ற சொல் ஒரு தப்பை ஒளித்துவைத்திருக்கிறது. உள்ளேயிருந்து எதுவும் தண்ணீரை இழுக்கவில்லை. வெளியிலிருந்து காற்று தள்ளுகிறது. ஒரு தவறான எண்ணத்தைக் களையப் போய் இன்னொன்றை விதைத்த கதையாகிவிடும். "ஆக்ஸிஜனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல!" என்பதும் அப்படித்தான். மேலே பார்த்தபடி, சின்னதாகச் சம்பந்தம் இருக்கிறது. ஹூக் கவர்ச்சியாக வர வேண்டும் என்பதற்காக அறிவியலை வளைத்தால், பிறகு 40 நொடி எவ்வளவு சரியாகப் பேசினாலும் பார்ப்பவர் நினைவில் தங்குவது அந்த வளைந்த வாக்கியம்தான்.

நான் எழுதுவது இது: "தீ அணையுறது முதல்லயா, தண்ணி ஏறுறது முதல்லயா?"

இதில் மூன்று நன்மை இருக்கிறது. பார்ப்பவர் உடனே ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். விடையை ஆசிரியர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, அவரே பார்த்துவிடலாம். மேலும், கண் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் இந்தக் கேள்வியே சொல்லிவிடுகிறது. கேள்விக்கு விடை ரீலுக்குள்ளேயே, கண்ணுக்கு முன்னால் கிடைக்கிறதா என்பதுதான் நல்ல ஹூக்குக்கு நான் வைக்கும் முதல் சோதனை.

தவறான எண்ணத்தை முன்னால் எடுத்துப் பேசினால் பிள்ளைகள் குழம்பிவிட மாட்டார்களா என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. இதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. வெரிட்டாசியம் என்ற அறிவியல் அலைவரிசையை நடத்தும் டெரெக் முல்லர், 2008இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் செய்தது இதே கேள்விதான். இயற்பியலைத் தெளிவாக, சுருக்கமாக விளக்கும் காணொளியைப் பார்த்த மாணவர்கள், "தெளிவாக இருந்தது, எளிதாகப் புரிந்தது" என்றார்கள். ஆனால் தேர்வில் அவர்கள் மதிப்பெண் பெரிதாக உயரவில்லை. மாணவர்களிடம் வழக்கமாக இருக்கும் தவறான எண்ணத்தை வெளிப்படையாகப் பேசி, பிறகு அதை மறுத்த காணொளியைப் பார்த்தவர்கள், மண்டையைக் கசக்க வேண்டியிருந்தது என்றார்கள். அவர்கள் மதிப்பெண்தான் கூடுதலாக உயர்ந்தது. தெளிவான விளக்கத்தைக் கேட்கும் பிள்ளை, "இதுதான் எனக்குத் தெரியுமே" என்று எண்ணிக்கொண்டு தன் பழைய எண்ணத்தோடேயே எழுந்து போய்விடுகிறது. அந்த எண்ணத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் அது திரும்பிப் பார்க்கும்.

ஆகவே ஸ்கிரிப்டில் ஹூக்குக்கு அடுத்த வாக்கியமே அந்தப் பழைய பதிலாக இருக்க வேண்டும். பேச்சு முழுவதும் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். "அழுத்தம்" போன்ற பாடப்புத்தகச் சொல்லை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளலாம், தேர்வில் அந்தச் சொல்லைப் பிள்ளை மீண்டும் சந்திக்கப் போகிறது. பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே போனில் பார்ப்பதால் "நீங்க" என்று பேசுவது எல்லோருக்கும் பொருந்தும். நிதானமாகப் பேசினால் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு சொல். இடையில் பேசாமல் விடும் நேரத்தைக் கழித்தால் 45 நொடிக்கு எழுபது சொல்லை ஒட்டித்தான் இடம் உண்டு. ஸ்கிரிப்ட் இப்படி வரும்:

(தொடக்கம் முதல் 4ஆம் நொடி வரை. நீலத் தண்ணீர்த் தட்டு, எரியும் மெழுகுவர்த்தி, டம்ளரோடு கை இறங்கிக்கொண்டிருக்கிறது.)
"தீ அணையுறது முதல்லயா, தண்ணி ஏறுறது முதல்லயா?"

(4 முதல் 13 வரை. கை நிற்கிறது.)
"ஆக்ஸிஜன் தீருது, அந்த எடத்துக்குத் தண்ணி வருதுன்னு படிச்சிருப்பீங்க. அப்படின்னா எரியும்போதே தண்ணி ஏறணும். பாக்கலாமா?"

(13 முதல் 26 வரை. டம்ளர் கவிழ்கிறது. பேச்சு இல்லை. தீ மங்கி அணைகிறது, தண்ணீர் ஏறுகிறது. ஏறும்போது மட்டும்:)
"இப்பதான் ஏறுது!"

(26 முதல் 38 வரை. டம்ளரின் ஓரம் நெருக்கத்தில்.)
"குமிழி வந்துச்சே, அது சூட்டுல விரிஞ்சு வெளிய போன காத்து. தீ அணைஞ்சதும் மிச்சக் காத்து ஆறுது, உள்ள அழுத்தம் கொறையுது. வெளிக்காத்து தண்ணிய உள்ள தள்ளுது. ஆக்ஸிஜனுக்குப் பங்கு உண்டு, ஆனா ரொம்பச் சின்னது."

(38 முதல் 45 வரை. மூன்று மெழுகுவர்த்தி எரியும் தட்டு.)
"இதே டம்ளர், மூணு மெழுகுவத்தி. தண்ணி கூடவா ஏறும், அதே அளவா? ஏன்னு எழுதுங்க."

எழுதியதை வாய்விட்டுப் படித்து, போனில் நேரம் பார்க்க வேண்டும். விளக்கம் சொல்லும் 12 நொடிதான் இதில் நெருக்கடியான பகுதி. மூச்சு முட்டினால் சொல்லைக் குறைக்க வேண்டுமே தவிர, வேகத்தைக் கூட்டக் கூடாது. பெரும்பாலும் வெட்டுப்படுவது பெயரடைகளும் "அதாவது", "இப்போ பாத்தீங்கன்னா" போன்ற ஒட்டுகளும்தான். ஆக்ஸிஜனின் சின்னப் பங்கைச் சொல்லும் கடைசி வரியை வெட்டச் சொல்லி நிச்சயம் கை அரிக்கும். அதை வெட்டக் கூடாது. ரீலை நேர்மையாக வைத்திருப்பது அந்த ஒரு வரிதான்.

நடுவிலுள்ள அந்த 13 நொடி மௌனம் பல பேருக்குப் பயமாக இருக்கும். பேசாமல் விட்டால் பார்ப்பவர் போய்விடுவார் என்று நினைப்பார்கள். ஹூக் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டதால், இங்கே அவர் போக மாட்டார். விடை வரும் நேரம் இது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்து உளவியலாளர் ரிச்சர்ட் மேயர், படமும் பேச்சும் எழுத்தும் சேர்ந்து வரும் பாடங்களைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். கண் படத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் அதே கண்ணைத் திரையில் ஓடும் எழுத்துக்கும் இழுத்தால் கற்றல் குறையும் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. ஒலியை அணைத்துவிட்டு ரீல் பார்ப்பவர்களுக்காகவும், காது கேளாதவர்களுக்காகவும் எழுத்து தேவைதான். ஆனால் அதைப் பேச்சு வரும் பகுதிகளில் மட்டும் போடுங்கள், டம்ளரை மறைக்காமல் திரையின் மேற்பகுதியில் போடுங்கள். கீழ்ப்பகுதியில் கணக்கின் பெயரும் குறிப்பும் வந்து உட்கார்ந்துகொள்ளும். வலப்புற ஓரத்தைப் பொத்தான்கள் பிடித்துக்கொள்ளும். பின்னணி இசையை இந்த 13 நொடிக்காவது அணைத்துவிடலாம்.

இந்தப் பகுதியை ஒரே ஓட்டமாக, வெட்டாமல், வேகப்படுத்தாமல் எடுக்க வேண்டும். எது முதலில் நடந்தது என்பதே கேள்வி. நடுவில் ஒரு வெட்டு விழுந்தால் சான்று போய்விடும், "எடிட்டிங்கில் மாற்றிவிட்டார்" என்று யாராவது எழுதுவார், அவர் எழுதுவதும் நியாயம். போனைச் செங்குத்தாக, தண்ணீர் மட்டத்துக்கு நேராக வைத்து, பின்னால் கறுப்புத் துணி கட்டினால் தீயும் நீலத் தண்ணீரும் தனித்துத் தெரியும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். தீயும் ஆடாது, ஒலியும் சுத்தமாக வரும்.

சோதனை சொதப்புவதற்கென்றே சில இடங்கள் உண்டு. டம்ளரின் விளிம்பு தட்டோடு ஒட்டிக்கொண்டால் தண்ணீர் உள்ளே போக வழியிராது; விளிம்புக்குக் கீழே இரண்டு மூன்று நாணயங்களை வைத்தால் தீர்ந்தது. தட்டில் தண்ணீர் குறைவாக இருந்தால், பாதி ஏறியதும் வெளிக்காற்று "குளுக்" என்று உள்ளே புகுந்து ஏறிய தண்ணீர் இறங்கிவிடும். ஒரு சென்டிமீட்டர் ஆழமாவது இருக்கட்டும். தட்டு அகலமானதாக இருக்கட்டும். டம்ளரைத் தீக்கு மேலே பிடித்துக்கொண்டே பேசினால், விரிந்த காற்று தண்ணீரைத் தொடும் முன்பே போய்விடும். பிறகு குமிழி வராது, ஸ்கிரிப்டில் உள்ள குமிழி வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். அதனால்தான் ஸ்கிரிப்டில் கை நிற்க வேண்டிய இடம் தீக்கு நேர் மேலே இல்லை, சற்று விலகி. கவிழ்ப்பது ஒரே மூச்சில் இருக்கட்டும். மெழுகுவர்த்தி உயரமாக இருந்து தீ டம்ளரின் அடியைத் தொட்டால் கண்ணாடி விரிசல் விடக்கூடும். குட்டையான மெழுகுவர்த்தி, உயரமான டம்ளர் என்று எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் பெரியவர் பக்கத்தில் இல்லாமல் செய்யக் கூடாது என்பதை ரீலின் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

வெளியிட்ட பிறகு, பார்ப்பவர்கள் எந்த நொடியில் விலகினார்கள் என்பதை இன்ஸ்டாகிராமே ஒரு கோடாக வரைந்து காட்டும். முதல் மூன்று நொடியில் கோடு சரிந்தால் ஹூக்கைப் பாருங்கள். பெரும்பாலும் முதல் காட்சியில் கை அசையாமல் இருந்திருக்கும், அல்லது கேள்விக்கு முன் ஒரு வணக்கம் நுழைந்திருக்கும். 26ஆம் நொடிக்குப் பிறகு சரிந்தால் விளக்கம் நீண்டுவிட்டது என்று பொருள். ஆனால் அந்தக் கோடு கவனத்தை மட்டும்தான் அளக்கிறது. புரிந்ததா என்பதை அறிய, கடைசிக் கேள்விக்கு வந்த பதில்களைப் படிக்க வேண்டும். "மூணு மெழுகுவத்தி ஆக்ஸிஜனைச் சீக்கிரம் தீர்த்துடும், ஆனா ஆக்ஸிஜன் அதே அளவுதான், அதனால தண்ணியும் அதே அளவுதான் ஏறும்" என்று பலர் எழுதினால், அவர்கள் ரீலைப் பார்த்தார்கள், பழைய எண்ணத்தை விடவில்லை. "சூடு கூட, காத்து கூட வெளிய போகும், தண்ணி கூட ஏறும்" என்று எழுதியவரின் பதிலை மேலே நிறுத்திவையுங்கள்.

1999இல் பிர்க், லாசன் என்ற இரு அமெரிக்கக் கல்வியாளர்கள் இந்தச் சோதனையைப் பற்றியே வேதியியல் கல்வி இதழில் கட்டுரை எழுதினார்கள்; தவறான விளக்கம் எப்படி விடாப்பிடியாகப் பிழைத்திருக்கிறது என்பதுதான் அதன் தலைப்பே. ஒரு ரீல் அதை ஒழித்துவிடாது. ஆனால் அதே வகுப்பில், ரீலைப் போடுவதற்கு முன்னும் ஒரு வாரம் கழித்தும் இதே கேள்வியைத் தாளில் எழுதச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எந்த ஆசிரியராலும் முடியும். பார்வை எண்ணிக்கையை நண்பர்களிடம் சொல்வதற்கு முன் அந்தத் தாள்களைப் பாருங்கள்.

மூன்று மெழுகுவர்த்திக் கேள்விக்கு விடை இதுதான்: டம்ளர் அதே, ஆக்ஸிஜனும் அதே, தீ முன்னைவிடச் சீக்கிரம் அணையும், தண்ணீர் முன்னைவிட உயரமாக ஏறும்.